நீரோவுக்குப் பின் தளர்ந்த வணிகமா? உரோமானியக் காசுகள் வழிப் பெறப்பட்ட ஒரு பொதுமுடிவும் இராமநாதபுரக் கடற்கரைச் சான்றுகளும்

ஆய்வுச்சுருக்கம்

தமிழகத்தில் கிடைத்த உரோமானிய வெள்ளிக்காசுகளுள் பெரும்பாலானவை அகஸ்டஸ், திபேரியஸ் ஆகியோர் காலத்தவை. நீரோவுக்குப் பிற்பட்ட வெள்ளிக்காசுகள் மிக அரிதாகவே கிடைத்துள்ளன. இதனைக்கொண்டு, கி.பி. முதல் நூற்றாண்டின் இறுதியில் தமிழக–உரோமானிய வணிகம் தளர்ந்தது என்னும் பொதுமுடிவு நூறாண்டுகளுக்கு மேலாக எடுத்தாளப்பட்டு வருகிறது. இப்பொதுமுடிவு எவ்வகை மாதிரியின்மேல் நிற்கிறது என்பதையும், இதனை மறுக்க முன்வைக்கப்படும் அழகன்குளச் சான்றுகளும் அதே குறைக்கு ஆட்பட்டுள்ளனவா என்பதையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: தொகுத்தறிமுறை, மாதிரி அளவு, தெரிவுச் சாய்வு, உரோமானியக் காசுகள், அழகன்குளம், இராமநாதபுரக் கடற்கரை.

முன்னுரை

சங்ககால வணிகம் பற்றிய ஆய்வேடுகளில் ஓர் அட்டவணை தவறாமல் இடம்பெறுகிறது. இடப்பக்கம் காசு கிடைத்த ஊர், வலப்பக்கம் காசில் உள்ள பேரரசன் பெயர், அடியில் மொத்த எண்ணிக்கை. அட்டவணையைத் தொடர்ந்து வரும் பத்தியில், எந்தப் பேரரசனின் காசு மிகுதியாகக் கிடைத்ததோ அவன் காலத்தில் வணிகம் செழித்தது என்றும், எவனுடைய காசு கிடைக்கவில்லையோ அவன் காலத்தில் வணிகம் நலிந்தது என்றும் எழுதப்பட்டிருக்கும். என் ஆய்வேட்டின் இரண்டாம் இயலுக்காக இப்படி ஓர் அட்டவணையை நானும் உருவாக்கினேன். இராமநாதபுரக் கடற்கரையின் பிற்கால உரோமானியச் செப்புக்காசுகளை அதில் சேர்த்து, நான்காம் நூற்றாண்டில் வணிகம் இக்கரையில் மறுமலர்ச்சி பெற்றது என்று முடிவும் எழுதினேன். அந்த முடிவை இப்போது நீக்கிவிட்டேன். நீக்கியதற்கான காரணம் என் அட்டவணைக்கு மட்டும் உரியதன்று. நாம் வழக்கமாக மேற்கோள் காட்டும் பழைய முடிவுக்கும் அது பொருந்துகிறது. ஆகவே அதனை இங்கு விரித்துரைக்கிறேன்.

சீவெல் முன்வைத்த வாதம்

இராபர்ட் சீவெல் 1904இல் இலண்டன் இராயல் ஆசியக் கழக இதழில் இந்தியாவில் கிடைத்த உரோமானியக் காசுகளைப் பற்றி ஒரு நீண்ட கட்டுரை வெளியிட்டார். அதுவரை பதிவான புதையல்களையும் தனிக்காசுகளையும் தொகுத்துக் கால வரிசையில் அடுக்கினார். குடியரசுக் காலக் காசுகள் அரிதாயிருத்தல், அகஸ்டஸ் முதல் நீரோ வரையிலான காசுகள் மிகுந்திருத்தல், அதன்பின் அவை குறைந்துபோதல், பேரரசின் பிற்காலத்தில் மீண்டும் சிறிது தலைகாட்டுதல் ஆகியவற்றை அவர் சுட்டினார். வணிகத்தின் ஏற்ற இறக்கம் இந்த வரிசையில் வெளிப்படுவதாகக் கொண்டு, நீரோவுக்குப்பின் ஆடம்பரப் பொருள் வணிகம் தளர்ந்தது என்று முடிவு கண்டார்.

சீவெல்லின் உழைப்பைக் குறைத்து மதிப்பிடுவது இக்கட்டுரையின் நோக்கமன்று. சிதறிக்கிடந்த செய்திகளை ஒருங்கே திரட்டியவர் அவர். பின்வந்தோர் அனைவரும் அவர் தொகுப்பிலிருந்தே தொடங்கினர். ஆனால் அவர் ஒரு கருதுகோளாக முன்வைத்ததைப் பின்வந்தோர் நிறுவப்பட்ட உண்மையாக எடுத்துக்கொண்டனர். தமிழில் எழுதப்பட்ட பல நூல்களில் ‘நீரோவுக்குப்பின் வணிகம் குன்றியது’ என்னும் தொடர் சான்று காட்டப்படாமலே வருகிறது.

தொகுத்தறிமுறையில் பெறப்படும் முடிவு முழுமையாக மெய்ப்பிக்கப்படுவதில்லை. அது வலியதாகவோ மெலியதாகவோ அமையும். கண்ட சிலவற்றிலிருந்து காணாத பலவற்றுக்கு நகர்வது அதன் இயல்பு. அந்த நகர்வின் வலிமையை அறிய, கண்டவை எத்தனை என்றும், அவை எவ்வாறு நம் கைக்கு வந்தன என்றும் வினவ வேண்டும். இரண்டாம் வினாவைக் கேட்காமல் முதல் வினாவுக்கு மட்டும் விடை கூறும் பழக்கத்தை நம் துறை நெடுங்காலமாகக் கொண்டுள்ளது.

எதை எண்ணுகிறோம்?

முதல் வினாவுக்கான விடையும் தோன்றும் அளவுக்கு எளியதன்று. இன்றைய தெலங்கானாவில் உள்ள அக்கன்பள்ளியில் ஒரே புதையலாக 1531 தெனாரியஸ் வெள்ளிக்காசுகள் கிடைத்தன. கோவையை அடுத்த வெள்ளலூரில் 1842இல் கிடைத்த புதையலில் ஐந்நூற்றுக்கும் மேற்பட்டவை இருந்தன. இத்தகைய புதையல்கள் சிலவற்றைக் கூட்டினாலே எண்ணிக்கை ஆயிரக்கணக்கில் உயர்ந்துவிடும். அட்டவணையின் அடியில் அந்த மொத்தத்தைக் காணும் வாசகர், மாதிரி மிகப் பெரியது என்று நம்புவது இயல்பே.

ஆனால் அக்கன்பள்ளியின் 1531 காசுகளும் ஒன்றையொன்று சாராத 1531 சான்றுகள் அல்ல. அவற்றை ஒருவர் அல்லது ஒரு குழுவினர் ஒரே பானையில் இட்டு, ஒரே நாளில் மண்ணில் புதைத்தனர். அந்தப் பானையில் நூறு காசுகளைப் பார்த்தவருக்கு மீதமுள்ளவை எவ்வகையின என்பது ஏறத்தாழத் தெரிந்துவிடும். சோற்றுப் பதம் பார்க்க ஒரு பருக்கை போதும் என்று நாம் சொல்வது, பானை முழுதும் ஒரே உலையில் வெந்ததால்தான். அந்தப் பருக்கையைக்கொண்டு அண்டை வீட்டுச் சோற்றின் பதத்தைக் கூற முடியாது. எனவே ஒரு புதையலை ஒரு சான்றாகவே கொள்ள வேண்டும். அப்படிக் கொள்ளும்போது ஆயிரங்கள் சில பத்துகளாகச் சுருங்குகின்றன. மார்ட்டிமர் வீலர் தம் காலம் வரை துணைக்கண்டம் முழுவதிலும் பதிவானவற்றை ஆராய்ந்தபோது, உரோமானியக் காசுகள் கண்டெடுக்கப்பட்ட நிகழ்வுகள் 68 என்றும், அவற்றுள் குறைந்தது 57 விந்தியத்துக்குத் தெற்கே நேர்ந்தவை என்றும் குறிப்பிட்டார். காசுகளை விட்டுக் கண்டெடுப்புகளை எண்ணிய அவருடைய முறை இவ்வகையில் நேரியது. சில நூற்றாண்டு வணிகத்தைப் பற்றியும் ஒரு துணைக்கண்டத்தைப் பற்றியும் பேசுவதற்கு 68 என்பது மிகப் பெரிய எண் அன்று.

கைக்கு வந்த வழி

மாதிரி சிறியதென்றால் அதைப் பெருக்கிக்கொள்ளலாம். காலப்போக்கில் மேலும் பல புதையல்கள் கிடைக்கும். தெரிவுச் சாய்வை இவ்வாறு போக்க இயலாது. மாதிரி பெருகப் பெருகப் பிழையும் உறுதிப்பட்டுக்கொண்டே போகும். இதனை ஒரு கற்பனைக் கணக்கால் விளக்கலாம்.

ஒரு துறைமுகத்துக்கு நீரோவுக்கு முற்பட்ட வெள்ளிக்காசுகள் ஆயிரமும், பிற்பட்டவை ஆயிரமும் வந்தன என்று கொள்வோம். இரு காலத்திலும் வணிகம் ஒரே அளவில் நடந்துள்ளது. முற்பட்ட காசு தூய வெள்ளி என்பதால் மக்கள் அதனைச் சேமித்துப் புதைக்கின்றனர். பத்தில் ஒன்று நம்மை வந்தடைகிறது. பிற்பட்டதில் வெள்ளி குறைவு என்பதால் அதை வாங்கத் தயங்குகின்றனர், வாங்கியதையும் உருக்கிவிடுகின்றனர், ஐம்பதில் ஒன்றே நம்மை வந்தடைகிறது. நம் அட்டவணையில் முற்பட்டவை 100 என்றும் பிற்பட்டவை 20 என்றும் இடம்பெறும். வணிகம் ஐந்தில் ஒன்றாகக் குறைந்தது என்று நாம் எழுதுவோம். இவற்றினும் பத்து மடங்கு காசுகள் வந்திருந்தால் அட்டவணை 1000, 200 என்று காட்டும். விகிதம் மாறாது, பிழையும் மாறாது. ‘ஆயிரத்துக்கும் மேற்பட்ட சான்றுகள்’ என்று எழுதும் துணிவு மட்டுமே நமக்குப் புதிதாக வந்திருக்கும்.

இந்தக் கற்பனைக்கு வரலாற்று அடிப்படை உண்டு. கி.பி. 64இல் நீரோ நாணயச் சீர்திருத்தம் செய்தார். ஓர் உரோமானியப் பவுண்டு வெள்ளியிலிருந்து 84 தெனாரியஸ் அச்சிடும் முறை மாறி 96 அச்சிடப்பட்டன. வெள்ளியின் தூய்மையும் குறைக்கப்பட்டது. தங்கக்காசும் பவுண்டுக்கு 40 என்பதிலிருந்து 45 ஆயிற்று. காசை எடைக்கும் மாற்றுக்கும் மதிப்பிட்டு வாங்கும் வணிகன் புதிய காசைவிடப் பழையதையே நாடுவான். உரோமானிய எல்லைக்கு அப்பால் வாழ்ந்த செருமானியக் குடிகளும் பழைய காசுகளையே விரும்பினர் என்று டாசிட்டஸ் பதிவு செய்துள்ளார். தமிழகத்து வணிகரிடம் மட்டும் இவ்வறிவு இல்லாதிருந்திருக்கும் என்று கொள்வதற்குக் காரணமில்லை.

சாய்வு இருக்கக்கூடும் என்பது வேறு, இருந்தது என்பது வேறு. இருந்ததா என்பதை அறிய ஒரு வழி உண்டு. மாதிரியின் உள்ளமைப்பை, அது எந்த முழுத்தொகுதியிலிருந்து எடுக்கப்பட்டதோ அதன் உள்ளமைப்போடு ஒப்பிட வேண்டும். கி.பி. 79இல் எரிமலைச் சாம்பலில் புதையுண்ட பாம்பேயி நகரில் மக்கள் வைத்திருந்த வெள்ளிக்காசுகள் நமக்குக் கிடைத்துள்ளன. அங்கே குடியரசுக் காலப் பழைய தெனாரியஸ்களும் அண்மைக்காலக் காசுகளும் கலந்து காணப்படுகின்றன. அன்றைய இத்தாலியின் புழக்கம் அத்தகையது. தென்னிந்தியப் புதையல்களிலோ இரண்டு அச்சுவகைகளே மேலோங்கி நிற்கின்றன. ஒன்று அகஸ்டஸ் தம் பேரர்களான கையஸ், லூசியஸ் ஆகியோர் உருவம் பொறித்து வெளியிட்டது. மற்றொன்று திபேரியஸ் வெளியிட்டதும் அமர்ந்த உருவம் பொறித்ததுமான காசு. புழக்கத்திலிருந்து தற்செயலாக அள்ளியிருந்தால் இத்தகைய ஒருமை வாய்த்திராது. கப்பல் ஏற்றிய இடத்திலோ, இறக்கிய இடத்திலோ, இரண்டிலுமோ யாரோ தெரிந்தெடுத்திருக்கின்றனர்.

இதிலிருந்து மேலும் ஒன்று பெறப்படுகிறது. திபேரியஸ் முகம் பொறித்த காசு திபேரியஸ் காலத்திலேயே தமிழகம் வந்தது என்று கொள்வதற்கில்லை. பழைய காசுகளைத் தெரிந்தெடுத்து அனுப்பும் வழக்கம் நீரோவுக்குப் பின்னரும் தொடர்ந்திருக்கலாம் என்பது மக்டோவல் போன்ற நாணயவியலாளர் கருத்து. அவ்வாறாயின், நீரோவுக்கு முற்பட்ட செழிப்புக்குச் சான்றாக நாம் காட்டும் காசுகளில் ஒரு பகுதி, நாம் தளர்ச்சிக்காலம் என்று கூறும் காலத்தில் வந்திறங்கியவையாக மாறிவிடும்.

காசு கிடைக்காமைக்கு வணிகம் இல்லாமையே காரணம் என்னும் ஊகம் வட இந்தியாவைப் பொறுத்து எப்போதோ கைவிடப்பட்டுவிட்டது. அங்கு உரோமானியத் தங்கம் அரிதாயிருப்பதற்குக் குஷாணர் அதனை உருக்கித் தம் காசுகளாக அச்சிட்டதே காரணமாகக் கூறப்படுகிறது. வடக்குக்கு ஓர் அளவையும் தெற்குக்கு ஓர் அளவையும் நாம் எவ்வாறு கைக்கொண்டோம் என்பது வியப்புக்குரியது.

மணிமேகலை காட்டும் ஒரு சோதனை

மணிமேகலையின் தவத்திறம் பூண்டு தருமம் கேட்ட காதை பக்கம், ஏது, திட்டாந்தம் ஆகிய உறுப்புகளை விரித்துரைக்கிறது. திட்டாந்தத்தைச் சாதன்மியம், வைதன்மியம் என இரண்டாகப் பகுக்கிறது. ஏதுவும் சாத்தியமும் சேர்ந்திருக்கும் இடத்தைக் காட்டுவது முன்னது. சாத்தியம் இல்லாத இடத்தில் ஏதுவும் இல்லாமையைக் காட்டுவது பின்னது. ‘வணிகம் தளர்ந்தது, காசு அருகியதால்’ என்பதை இவ்வளவைக்கு உட்படுத்திப் பார்க்கலாம். இதற்கு வைதன்மியம் ‘எங்கு வணிகம் தளரவில்லையோ அங்குக் காசு அருகுவதில்லை’ என்பதாகும். வணிகம் தளராமல் காசு மட்டும் அருகிய ஓரிடம் காட்டப்பட்டால் ஏது பழுதாகிவிடும்.

அத்தகைய இடம் ஒன்று உண்டு. 1985இல் வெளியிடப்பட்ட முசிறித் தாளாவணம் கி.பி. இரண்டாம் நூற்றாண்டைச் சேர்ந்தது. முசிறியிலிருந்து எகிப்துக்கு வந்த ‘எர்மபொல்லோன்’ என்னும் ஒரு கப்பலின் சரக்கை அது மதிப்பிடுகிறது. கங்கைப்பகுதி நறுமணத் தைலமும் யானைத்தந்தமும் அச்சரக்கில் அடங்கும். அதில் காணப்படும் மதிப்பு ஏறத்தாழ 70 இலட்சம் செசுதர்த்து. நீரோ இறந்து பல்லாண்டுகளுக்குப் பின்னரும் ஒரே ஒரு கப்பலில் வந்த சரக்கு இவ்வளவு. இந்த ஓர் ஆவணம் வணிகம் பெருகியது என்பதை நிறுவாது. ஓர் ஆவணத்தின்மேல் அவ்வளவு சுமையை ஏற்றினால் நாம் சீவெல் செய்ததையே திரும்பச் செய்தவர்களாவோம். ஆனால் ‘காசு அருகினால் வணிகம் அருகியது’ என்னும் தொடர்பை முறிக்க இந்த ஒன்றே போதுமானது. பொதுமுடிவை நாட்டப் பல சான்று வேண்டும். அதன் அடியிலுள்ள தொடர்பை ஐயத்துக்குள்ளாக்க ஒரு நல்ல எதிர்ச்சான்று போதும்.

அழகன்குளம்: மறுப்பின் மறுபக்கம்

இதுகாறும் கூறியவை பழைய பொதுமுடிவுக்கு எதிரானவை. இதனை மறுப்போர் பெரும்பாலும் எடுத்துக்காட்டும் களங்களுள் ஒன்று இராமநாதபுரம் மாவட்டத்தில் வைகை கடலொடு கலக்கும் பகுதியை ஒட்டிய அழகன்குளம். தமிழ்நாடு அரசு தொல்லியல் துறை 1986–87இல் தொடங்கி 1990களில் பல பருவங்களிலும், பின்னர் 2016–17இலும் இங்கு அகழாய்வு நடத்தியது. தமிழி எழுத்துப் பொறித்த பானையோடுகள், ரௌலட்டட் மட்கல ஓடுகள், கப்பல் உருவம் கீறப்பட்ட ஓடு, இரண்டாம் வாலெந்தினியன், தியோடோசியஸ், ஆர்க்கேடியஸ் ஆகியோரின் காசுகள் முதலியன இவ்வூரின் சான்றுகளாக எடுத்துரைக்கப்படுகின்றன. 2005இல் வெளிவந்த அகழாய்வு நூலின் ஆங்கிலத் தலைப்பு இவ்வூரை ‘உரோமானியத் துறைமுக நகர்’ என்றே சுட்டுகிறது.

நான் நீக்கிய முடிவு இந்தச் சான்றுகளின்மேல் எழுந்ததே. அதன் குறைகளை ஒவ்வொன்றாகக் கூறுகிறேன்.

முதலில் மட்கலங்கள். அரிக்கமேட்டில் 1945இல் அகழாய்வு செய்த வீலர் ரௌலட்டட் மட்கலத்தை மத்தியதரைக்கடல் வழிவந்த ஒன்றாகக் கருதினார். எனவே அந்த ஓடு கிடைத்த ஊரெல்லாம் உரோமானியத் தொடர்புடைய ஊர்களின் பட்டியலில் சேர்ந்தது. பின்னர் விமலா பெக்லி அதன் காலத்தையும் பிறப்பிடத்தையும் மறுஆய்வு செய்து, அது இந்தியக் கைவினை என்று வாதிட்டார். களிமண்ணின் கனிமச் சேர்க்கையை ஆராய்ந்த கோக்தே அதன் மூலத்தை வங்கக் கழிமுகப் பகுதிக்குக் கொண்டுசென்றார். ஆக, ரௌலட்டட் ஓடுகள் எத்தனை கிடைத்தாலும் அவை உரோமைப் பற்றிய கூற்றுக்கு வலிமை சேர்ப்பதில்லை. கிழக்குக் கடற்கரையின் உள்நாட்டுக் கலப்போக்குவரத்தைப் பற்றிய கூற்றுக்கே சேர்க்கின்றன. எண்ணப்பட்ட பொருள் வேறொன்றைச் சுட்டுவதென்று தெரிந்தபின் எண்ணிக்கையால் பயனில்லை.

அடுத்து, குழிகள். அகழாய்வுக்குழி ஊர் முழுவதற்கும் மாதிரி. கோட்டைமேடு என மக்கள் வழங்கும் மேட்டில் குழி இடுவது இயல்பானதே. மேடாக இருப்பதால்தான் அங்கே பழைய குடியிருப்பு உண்டென்று அறிகிறோம். ஆனால் வீடுகள் உள்ள இடத்தில் தோண்ட இயலாது, நிலத்துக்கு உரியவர் இசையாத இடத்திலும் இயலாது. குழியின் இடத்தை முடிவு செய்வதில் இவையெல்லாம் பங்கு பெறுகின்றன. குழிகள் எந்தச் சார்புமின்றித் தெரிந்தெடுக்கப்பட்டாலும் எண்ணிக்கையின் வரம்பு இருக்கவே செய்யும். ஒரு பொருள் ஊரின் பத்தில் ஒரு பங்குப் பரப்பில் மட்டும் புதைந்துள்ளதெனக் கொள்வோம். பத்துக் குழிகள் தோண்டினால் அப்பொருள் ஒன்றிலும் அகப்படாமல் போகும் வாய்ப்பு 0.9 என்பதைப் பத்துமுறை பெருக்கிய அளவு, அதாவது ஏறத்தாழ 35 விழுக்காடு. அந்த வாய்ப்பை 5 விழுக்காட்டுக்குக் கீழ்க் கொண்டுவர 29 குழிகள் வேண்டும். ஆகவே சில குழிகளின் அடிப்படையில் ‘இங்கு இன்ன பொருள் இல்லை’ என்று எழுதுவது, ‘இங்கு இன்ன பொருள் உண்டு’ என்று எழுதுவதைவிட மிகவும் மெலிந்த கூற்று. நம் அறிக்கைகளில் இவ்விரு கூற்றுகளும் ஒரே உறுதியோடு எழுதப்படுகின்றன.

ஊர்களின் தெரிவு இதனினும் பெரிய சிக்கல். இக்கரையில் பழைய குடியிருப்புகளுள் எவை எஞ்சின என்பதை மணலும் கடலும் முடிவு செய்துள்ளன. 1964 திசம்பரில் ஓர் இரவுப் புயலில் தனுசுக்கோடி அழிந்ததை நினைவுகூர்ந்தால் போதும். தொடர்வண்டி நிலையமும் அஞ்சலகமும் இருந்த ஊர் அது. தீவின் தாழ்ந்த மணல்முனைகளில் ஈராயிரம் ஆண்டுகளுக்குமுன் குடியிருப்புகள் இருந்திருந்தால், அவை வைகைக் கரை மேட்டைப்போல் நமக்காகக் காத்திருக்கும் வாய்ப்பு மிகக் குறைவு. ‘இக்கடற்கரையில் அழகன்குளமே தலைமைத் துறைமுகம்’ என்னும் கூற்றுக்கு, எஞ்சியவற்றுள் அதுவே பெரியது என்பதற்கு மேல் பொருளில்லை.

இறுதியாகக் காசுகள். நான்காம் நூற்றாண்டுச் செப்புக்காசு மிகச் சிறியது. பலவும் ஒரு கிராம் அல்லது இரண்டு கிராம் எடையே உள்ளவை. அவை மண்ணில் கிடந்து பச்சை பூத்துத் தேய்ந்திருக்கும். மண்ணைச் சல்லடையில் இட்டுச் சலிக்காத அகழாய்வில் அது தப்பிவிடும். தங்கமும் வெள்ளியும் கிடைத்தால் ஊரே பேசும், அரசு அலுவலர் வருவார், 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டத்தின்படி பதிவாகும். செப்புக்காசுக்கு இவற்றுள் எதுவும் நிகழ்வதில்லை. சீவெல் காலப் பட்டியலில் செப்பு குறைவாயிருந்தமைக்கு இதுவும் ஒரு காரணமாகலாம். இரா. கிருஷ்ணமூர்த்தி கரூர், மதுரைப் பகுதிகளின் பிற்கால உரோமானியச் செப்புக்காசுகளைத் தேடித் தொகுத்து 1994இல் நூலாக்கிய பின்னரே, தேடினால் அவை கிடைக்கும் என்பதை நாம் அறிந்தோம். ஆனால் தேடிய இடத்தில் மட்டும் கிடைப்பதும் ஒரு சாய்வே. கரூரில் அமராவதி ஆற்றுமணலும் வைகைக் கரையும் துருவிப் பார்க்கப்பட்டன. மற்ற ஆற்றுமுகங்கள் அந்த அளவுக்குப் பார்க்கப்படவில்லை.

வைகை முகத்துவாரத்தை அடுத்த ஓர் ஊரில் களப்பணியின்போது ஒரு முதியவர் தகரப்பெட்டி ஒன்றைத் திறந்து இரண்டு செப்புக்காசுகளைக் காட்டினார். இரண்டிலும் தலையுருவம் தெளிவாக இருந்தது. இவை மட்டுந்தான் கிடைத்தனவா என்று கேட்டேன். ‘மழை பேஞ்சா பிள்ளைக நெறைய பொறக்கிட்டு வரும் தம்பி. தலை தெரியிறத வச்சுக்கிட்டேன். தேஞ்சதெல்லாம் பழைய பாத்திரக்காரன்ட்ட எடைக்குப் போட்டாச்சு’ என்றார். என் அட்டவணையில் அந்த ஊருக்கு நேரே ‘2’ என்றும், இரண்டும் உரோமானியவை என்றும் எழுதியிருந்தேன். எடைக்குப் போனவற்றுள் பாண்டியர் சதுரக்காசுகள் எத்தனை, இலங்கைக் காசுகள் எத்தனை, பிற்காலத்தவை எத்தனை என்பதை யாரும் அறியார். அந்த ஊரில் கிடைத்த காசுகளில் நூற்றுக்கு நூறும் உரோமானியம் என்று என் அட்டவணை கூறிக்கொண்டிருந்தது.

கிடைத்த காசின் காலமும் வினாவுக்குரியது. ஆர்க்கேடியஸ் காசு ஆர்க்கேடியஸ் காலத்துக்கு முன் வந்திருக்க முடியாது என்பது மட்டுமே உறுதி. எவ்வளவு பின்னர் வந்தது என்பதைக் காசு சொல்லாது. இலங்கையில் இவ்வகைச் செப்புக்காசுகளும் அவற்றைப் பார்த்து அங்கேயே செய்யப்பட்ட போலிகளும் ஆயிரக்கணக்கில் கிடைத்துள்ளன. அச்சிட்ட காலத்தையும் தீவை அடைந்த காலத்தையும் ஒன்றாகக் கொள்ளலாகாது என்பதை வால்பர்க்கின் 2008ஆம் ஆண்டு நூல் விரிவாக எடுத்துரைக்கிறது. பாக் நீரிணையின் ஆழமின்மையையும் இங்குக் கருத வேண்டும். பாம்பன் வழியே பெருங்கலம் செல்லாது. சிறுகலங்கள் மன்னாருக்கும் இக்கரைக்கும் இடையே எளிதாகச் சென்றுவரும். அழகன்குளத்துச் செப்புக்காசு அலெக்சாந்திரியாவிலிருந்து வந்த வணிகனின் மடியிலிருந்து விழுந்ததா, இலங்கையிலிருந்து திரும்பிய உள்ளூர்க் கலத்தவனின் மடியிலிருந்து விழுந்ததா என்பதைப் பிரித்தறியக் காசு ஒன்றே போதாது. ‘உரோமானிய வணிகம் மறுமலர்ச்சி பெற்றது’ என்பதும் ‘இலங்கையோடு சில்லறைப் புழக்கம் நிலவியது’ என்பதும் இதே சான்றுக்குச் சமமாகப் பொருந்துகின்றன. இரு விளக்கங்களுக்கும் சமமாகப் பொருந்தும் சான்று, எண்ணிக்கையில் பெருகினாலும் ஒன்றின் பக்கம் சாயாது.

எஞ்சும் கூற்றுகள்

இவ்வாறு கூறுவதால் எதையும் எழுத முடியாது என்று ஆகிவிடாது. சான்றின் அளவுக்குக் கூற்றைக் குறுக்கினால் அது நிற்கும். நீரோவுக்கு முற்பட்ட வெள்ளிக்காசுகளைத் தென்னிந்தியர் தெரிந்தெடுத்துச் சேமித்தனர் என்பது வலிய கூற்று. புதையல்களின் உள்ளமைப்பு, நாணயச் சீர்திருத்தம், பாம்பேயி ஒப்பீடு ஆகிய ஒன்றையொன்று சாராத மூன்றும் அதற்குத் துணைநிற்கின்றன. கி.பி. இரண்டாம் நூற்றாண்டில் மேலைக் கடற்கரை வணிகம் பெரும் முதலீட்டோடு தொடர்ந்தது என்பது ஓரளவு வலியது. அழகன்குளத்தில் நான்காம் நூற்றாண்டின் இறுதிக்குப்பின் ஏதோ ஒரு காலத்தில் உரோமானியச் செப்புக்காசுகள் புழங்கின என்பதும் நிற்கும். அவ்வணிகத்தின் அளவு, போக்கு, அதனை நடத்தியவர் யார் என்பன பற்றிய கூற்றுகள் இன்றைய சான்றில் நிற்கமாட்டா.

அவற்றை நிறுத்தக்கூடிய சான்றும் எட்டாததன்று. ஒவ்வொரு குழியிலும் அகழ்ந்த மண்ணின் கனஅளவு, சலிக்கப்பட்டதா இல்லையா, சலித்த சல்லடைக் கண்ணின் அளவு, காசு கிடைத்த மண்ணடுக்கு, காசு கிடைக்காத அடுக்குகள், அடையாளம் காண இயலாத தேய்ந்த காசுகளின் எண்ணிக்கை ஆகியவை பதிவானால், ஒரு கனமீட்டர் மண்ணுக்கு எத்தனை காசு என்று அடுக்குக்கு அடுக்கு ஒப்பிடலாம். அப்போது பேரரசன் பெயரை விட்டு மண்ணடுக்கின் காலத்தைக்கொண்டு ஏற்ற இறக்கத்தைப் பேச முடியும்.

என் அட்டவணையில் இப்போது ‘கிடைத்த முறை’ என்னும் ஒரு நெடுவரிசையைச் சேர்த்துள்ளேன். அகழாய்வு அடுக்கு, மேற்பரப்பு, புதையல், தனியார் சேகரிப்பு என நான்கு வகைகளை அதில் குறிக்கிறேன். வெளியான அறிக்கைகளைக்கொண்டு அதனை நிரப்பத் தொடங்கி எட்டு மாதங்களாகின்றன. பெரும்பாலான வரிசைகளில் அந்தக் கட்டம் வெறுமையாகவே இருக்கிறது.